அலமாரிக் கதவில் படியும் எண்ணெய்ப் பிசுக்கு: தேய்ப்பதற்கு முன் அறிய வேண்டியவை

ஹைதராபாதில் வாடகை வீட்டைக் காலி செய்யும் நாளில், வீட்டு உரிமையாளரின் பார்வை முதலில் செல்லும் இடங்களுள் சமையலறையும் ஒன்று. அடுப்புக்கு மேலுள்ள அலமாரிக் கதவுகள் மஞ்சள் படிந்து, தொட்டால் விரலைப் பற்றிக்கொள்ளும் நிலையில் இருந்தால், முன்பணத்தில் ஒரு பகுதி பிடித்தம் செய்யப்படும் பேச்சு எழுவது இயல்பு. அதைத் தவிர்க்கும் எண்ணத்தில் கடைசி இரண்டு நாட்களில் கம்பி நாரும் வாளித் தண்ணீருமாகக் கதவுகளைத் தேய்ப்பவர்கள் பலர். பிசுக்கு எப்போது வேண்டுமானாலும் நீங்கும். ஆனால் கம்பி நார் இட்ட கீறலும், தண்ணீர் புகுந்து உப்பிய ஓரமும் நீங்குவதில்லை. சொந்த வீட்டில் கடன் பெற்று அலமாரி அமைத்தவர்களுக்கும் இழப்பு இதே வழியில்தான் வருகிறது. ஆகவே, தேய்க்கத் தொடங்கும் முன் அந்தப் பிசுக்கு எத்தகையது, அது படிந்திருக்கும் பலகை எத்தகையது என்று அறிந்துகொள்வது நலம்.

வாணலியில் எண்ணெய் காயும்போதும் தாளிக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் ஆவியோடு மேலெழுகின்றன. அவை குளிர்ந்த பரப்பைத் தொட்டவுடன் மெல்லிய படலமாகத் தங்கிவிடுகின்றன. முதல் சில நாட்களில் அது வெறும் எண்ணெய்தான். நாள் செல்லச் செல்ல, காற்றிலுள்ள ஆக்சிஜன் அதனுடன் வினைபுரிந்து, எண்ணெயின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. அடுப்பின் வெப்பம் இதை விரைவுபடுத்துகிறது. எண்ணெய் கெட்டியாகிப் பிசினாகிறது. பின்னர் வார்னிஷ் போல இறுகுகிறது. ஓவியர்கள் ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் துணிமீது காய்ந்து உறுதியாவதும் இதே வினையால்தான். சூரியகாந்தி எண்ணெய் இவ்வாறு எளிதில் இறுகக்கூடியது. கடலை எண்ணெய் சற்று மெதுவாக இறுகும். தேங்காய் எண்ணெயும் நெய்யும் பெரும்பாலும் இறுகுவதில்லை.

பிசினாகும் நிலையில் உள்ள படலம் தூசியைப் பிடித்துவைக்கிறது. பிரியாணிக்கு வெங்காயத்தைப் பொன்னிறமாகப் பொரிப்பதும், மிளகாய் பஜ்ஜி போடுவதும் வாடிக்கையான இந்நகரில், எண்ணெய்ப் புகைக்குக் குறைவில்லை. கட்டடப் பணிகள் ஓயாத பகுதிகளில் சிமெண்டுத் தூளும் கல் தூளும் சன்னல் வழியே நாள்தோறும் வருகின்றன. இந்தத் துகள்கள் கூர்மையானவை. பிசுக்கில் புதைந்த அவற்றைத் துணியால் அழுத்தித் தேய்க்கும்போது, உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பான விளைவு கதவின் பளபளப்பில் ஏற்படுகிறது.

இனிக் கதவைப் பார்ப்போம். லேமினேட் என்பது பிசினில் தோய்த்த பழுப்புத் தாள்களை அடுக்கி, அவற்றின்மேல் மெலமைன் பிசினில் தோய்த்த அச்சிட்ட தாளை வைத்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கிய தகடு. அதன் கனம் பொதுவாக ஒரு மில்லிமீட்டர் அளவே. நாம் காணும் நிறமும் மரவரிகளும் அந்த மேல்தாளில் உள்ளவை. இத்தகடு பிளைவுட் பலகையில் பசையால் ஒட்டப்பட்டு, சுற்று ஓரங்கள் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையால் மூடப்படுகின்றன. தகட்டின் முகப்பு தண்ணீரை உறிஞ்சாது. கதவின் பலவீனம் அதன் ஓரங்களிலும், கீல் பொருந்தும் துளைகளிலும், பின்புறம் தகடு ஒட்டாமல் விடப்பட்ட பலகையிலும் உள்ளது. ஆதலால், முகப்பை ஈரப்படுத்தலாம், ஓரத்தை ஈரப்படுத்தலாகாது என்பதே இப்பணியின் முதல் விதி.

எந்த முறையைக் கையாள்வது என்பதை விரல் நுனியே சொல்லிவிடும். கதவின்மீது விரலை இழுத்துப் பாருங்கள். விரல் வழுக்கிச் சென்று ஒரு தடம் தெரிந்தால், எண்ணெய் இன்னும் எண்ணெயாகவே இருக்கிறது. இது முதல் நிலை. விரல் ஒட்டிக்கொண்டு விடுபட்டால், அது பிசினாகிக்கொண்டிருக்கிறது. இது இரண்டாம் நிலை. விரலில் எதுவும் ஒட்டாமல், நகத்துக்கு மட்டும் மஞ்சள் துணுக்குகளாகப் பெயர்ந்தால், அது இறுகிவிட்டது. இது மூன்றாம் நிலை. ஒரே சமையலறையில் மூன்று நிலைகளும் இருக்கக்கூடும்.

எடுத்துக்காட்டாக, குக்கட்பள்ளியில் ஐந்தாண்டுகள் குடியிருந்த ஒரு வீட்டை மனத்தில் கொள்வோம். மேல் அலமாரியில் ஆறு கதவுகள். மரவரி பொறித்த மங்கல் லேமினேட். அடுப்பிலிருந்து தள்ளியிருக்கும் நான்கு கதவுகள் முதல் நிலையிலும், அடுப்பையொட்டிய இரண்டு இரண்டாம் நிலையிலும், கைப்பிடியைச் சுற்றியும் மேல் விளிம்பிலும் உள்ள படலம் மூன்றாம் நிலையிலும் இருப்பதாகக் கொள்வோம். கதவுகளை மூடிய நிலையிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். முதலில் உலர்ந்த மென்தூரிகையால் ஒட்டாத தூசியைத் தட்டிவிட வேண்டும். அதன்பின் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு தேக்கரண்டி கலக்க வேண்டும். கை பொறுக்கும் சூடு போதும். அக்கலவையைக் கதவின் உட்புறத்தில், கண்ணில் படாத ஒரு மூலையில் இட்டுச் சோதித்துக்கொள்வது நல்லது.

முதல் நிலையில் உள்ள நான்கு கதவுகளுக்கு, மைக்ரோஃபைபர் துணியைக் கலவையில் நனைத்து, சொட்டாதவாறு பிழிந்து, கீழிருந்து மேலாகத் துடைக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால், அழுக்கு நீர் உலர்ந்த பரப்பில் வழிந்து கோடுகளாகத் தங்கிவிடும். அடுத்து, வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த வேறொரு துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிட வேண்டும். இவ்விறுதித் துடைப்பில் கதவின் கீழ் விளிம்பைத் தவறவிடலாகாது. வழியும் நீர் வந்து நிற்கும் இடமும், பலகை முதலில் உப்பும் இடமும் அதுவே.

அடுப்பையொட்டிய இரண்டு கதவுகளில் இதே கலவையை நேரடியாகத் தேய்த்தால், பிசுக்கு நகர்ந்து திரியுமேயன்றிப் போகாது. பிசினுக்குத் தேவைப்படுவது அழுத்தமன்று, நேரம். கால் லிட்டர் வெந்நீரில் அதே திரவம் இரண்டு தேக்கரண்டி கலந்து, பழைய பருத்தித் துணியை அதில் நனைத்து நன்கு பிழிந்து, கதவின்மீது விரித்து ஒட்ட வேண்டும். விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி ஒட்டினால் ஓரங்கள் பாதுகாப்பாக இருக்கும். ஒரு நேரத்தில் கதவின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஐந்து முதல் பத்து நிமிடங்கள் விட்டு, துணியை எடுத்து மெல்லத் துடைக்க வேண்டும். துணி பழுப்பாக வந்தால் படலம் இளகிவிட்டது. முழுதும் வராவிட்டால், தேய்ப்பை மிகுதியாக்காமல் மறுமுறை துணி ஒட்டுவதே முறை. மரவரியின் பள்ளங்களில் தங்கியதை, கலவையில் தோய்த்த மென்மையான பழைய பல்துலக்கியால், வரி செல்லும் திசையிலேயே எடுக்கலாம்.

மூன்றாம் நிலையில் உள்ள இறுகிய படலத்துக்கு எண்ணெயே உதவும். சில துளி தேங்காய் எண்ணெயை அவ்விடத்தில் தடவி, இருபது நிமிடம் விட்டால், இறுகிய படலம் ஓரளவு இளகும். பின்னர் கூரில்லாத பிளாஸ்டிக் விளிம்பால் சாய்வாகத் தள்ளி எடுக்கலாம். காலாவதியான வங்கி அட்டையை அழிக்கும் பொருட்டு வெட்டும்போது, எண்ணும் சில்லும் காந்தப் பட்டையும் இல்லாத ஒரு துண்டு மிஞ்சினால், அது இதற்குப் பொருத்தமான கருவி. கத்தியோ பிளேடோ கூடாது. படலம் வந்தபின், முதல் நிலைக்குச் சொன்ன சோப்புக் கலவையால் எஞ்சிய எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும்.

எல்லாம் முடித்து உலர்ந்த பிறகு, சில கதவுகள் வெண்மையாகப் பூத்ததுபோல் தோன்றும். கிருஷ்ணா, கோதாவரி, மஞ்சீரா ஆற்று நீருடன் ஆழ்துளைக் கிணற்று நீரும் தொட்டி லாரி நீரும் பல குடியிருப்புகளில் புழங்குகின்றன. நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்புச் செறிவுள்ள கடின நீர். அது உலரும்போது சுண்ணாம்பு உப்புகளை விட்டுச்செல்கிறது. சோப்புக் கட்டியைப் பயன்படுத்தினால், அதனுடன் சேர்ந்து கரையாத படிவமாகவும் மாறுகிறது. கடைசித் துடைப்புக்கு மட்டும் உப்பு நீக்கிய குடிநீரைப் பயன்படுத்தினால் இது நேராது. அவ்வாறு துடைத்தும் ஓரிடம் மங்கலாகவே இருந்தால், அது படிவம் அன்று. முன்பே ஏற்பட்ட தேய்மானம். மெலமைன் மேற்பரப்பை மரத்தைப் போல மீண்டும் மெருகேற்ற இயலாது என்பதால், அவ்விடத்தை அப்படியே விட்டுவிடுவதே அறிவுடைமை.

மேற்கூறியவை லேமினேட்டுக்கு உரியவை. மெருகூட்டிய மர வெனீர் ஒட்டிய பிளைவுட் கதவாயின், ஈரம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். துணி ஒட்டி ஊறவைப்பது கூடாது. கை துடைக்கும் சானிடைசரும் ஸ்பிரிட்டும், அரக்கால் மெருகூட்டிய பரப்பைக் கரைத்துவிடும். கதவின் பின்புறம் பூச்சில்லாத பிளைவுட்டாக இருந்தால், ஒரு துளி நீர் இட்டுப் பாருங்கள். அது ஓரிரு நிமிடத்தில் உறிஞ்சப்பட்டுக் கறுத்தால், அங்கே எண்ணெயும் உள்ளே இறங்கியிருக்கும். ஏறக்குறைய உலர்ந்த துணியால் மேற்புறத்தைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது; ஆழ்ந்த கறையை எடுப்பதும் மேற்பூச்சு இடுவதும் தச்சரின் பணி. அடுக்குத் தகடு ஓரத்தில் பிரிந்தோ, பட்டை எழும்பியோ காணப்பட்டால், அதை ஒட்டிச் சரிசெய்த பின்னரே ஈரத் துணியை அதனருகே கொண்டுசெல்ல வேண்டும்.

எந்தக் கதவாயினும் கழிவறை துலக்கும் அமிலம், பிளீச்சிங் திரவம் ஆகியவற்றைப் பயன்படுத்தலாகாது. இவ்விரண்டும் கலந்தால் நச்சுவாயு உண்டாகும் என்பதால், மூடிய சமையலறையில் இது கதவுக்கு மட்டுமன்றி உயிருக்கும் கேடு.

ஐந்தாண்டுப் பிசுக்கை நீக்க அரைநாள் வேலை ஆகும். முதல் நிலையிலேயே துடைத்தால் ஒரு கதவுக்கு ஒரு நிமிடம் போதும். எனவே, வாரம் ஒருமுறை அடுப்பையொட்டிய கதவுகளை மட்டும் விரலால் தொட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். சமைத்து முடித்தபின் புகைபோக்கியை மேலும் சில நிமிடங்கள் ஓடவிடுவதும், அதன் வடிகட்டியில் சேர்ந்த எண்ணெயை அவ்வப்போது அகற்றுவதும் படிவைக் குறைக்கும். மேல் அலமாரியின் தலைப்பரப்பில் பழைய செய்தித்தாளை விரித்து, இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மாற்றினால், கண்ணுக்கு எட்டாத அவ்விடத்தில் சேரும் பிசுக்கு தாளோடு போய்விடும். வீட்டைக் காலி செய்யும் நாளில் அவசரமாகத் தேய்க்க எதுவும் மிஞ்சியிராது.