342 காலிக் கட்டங்கள்

ஒரு மாவட்டத்தின் குழந்தைகள் நலத் திட்ட அலுவலகம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் கடந்த இரண்டு வாரங்களில் வயிற்றுப்போக்கு கண்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்கப்பட்டது? அடுத்த காலாண்டுக்கு எந்த வட்டாரத்துக்கு எத்தனை பொட்டலம் அனுப்புவது என்பது அந்தச் சதவீதத்தைப் பார்த்துத்தான் முடிவாகும்.

விளக்கத்துக்காக ஒரு சிறு கணக்கெடுப்பை வைத்துக்கொள்வோம். 400 தாய்மார்கள், ஆளுக்கு ஒரு குழந்தை. படிவங்களைக் கணினியில் ஏற்றியாயிற்று. வயிற்றுப்போக்குக் கேள்விக்கு 60 பேர் ‘ஆம்’, 325 பேர் ‘இல்லை’, 10 பேர் ‘தெரியாது’ என்றிருக்கிறார்கள். 5 கட்டங்கள் காலி. அதற்கடுத்த ஓ.ஆர்.எஸ். கேள்வியின் நிரலைப் பார்த்தால் பகீரென்கிறது. 400 கட்டங்களில் 342 காலி!

பதற வேண்டியதில்லை. வயிற்றுப்போக்கு இல்லாத குழந்தையைப் பற்றி ஓ.ஆர்.எஸ். கேள்வி கேட்கவே கூடாது. படிவத்திலேயே ‘இல்லை, தெரியாது என்றால் அடுத்த பகுதிக்குச் செல்க’ என்று அச்சிட்டிருக்கும். அப்படித் தாண்டிப் போனதால் விழுந்த காலிகள் 329. முதல் கேள்வியே காலியாகக் கிடக்கும் 5 குழந்தைகளுக்கு இதுவும் காலி. மிச்சம் 8. வயிற்றுப்போக்கு இருந்தது என்று சொல்லியும் ஓ.ஆர்.எஸ். பற்றி ஒன்றும் பதிவாகாத குழந்தைகள் இவர்கள். தேட வேண்டியது இந்த எட்டைத்தான்.

மூன்று வகைக் காலிகளும் திரையில் ஒரே மாதிரி வெள்ளையாகத் தெரிவதுதான் சிக்கல். ஆகவே அட்டவணை போடுவதற்கு முன் ஒவ்வொரு வெள்ளைக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும்: பொருந்தாது, தெரியாது, மறுத்தார், விடுபட்டது. தேசிய குடும்ப நல ஆய்வு போன்ற பெரிய கணக்கெடுப்புகள் இதற்குத் தனித்தனிக் குறியீடு வைத்திருக்கின்றன. ‘தெரியாது’ என்றால் 8, விடுபட்டால் 9 என்பது அவற்றில் நெடுநாள் வழக்கம். குறியீட்டைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். உயரம் அளக்காத குழந்தைக்கு 99.9 என்று போட்டுவிட்டால், நான்கு வயதுக் குழந்தையின் உண்மையான உயரமாகவே அது சராசரியில் கலந்துவிடும். அதனால்தான் இந்த வகை ஆய்வுப் படிவங்களில் வீட்டில் இல்லாத குழந்தைக்கு 999.4, அளக்க மறுத்தால் 999.5 என்று வைத்தார்கள். ஏறக்குறைய பத்து மீட்டர் உயரக் குழந்தை உலகத்தில் கிடையாது. தப்பித் தவறிக் கணக்கில் நுழைந்தாலும் கண்ணில் குத்தும்.

அந்த எட்டையும், கூடவே இன்னொரு கோளாறையும் பிடிக்க, விரிதாளில் இரண்டு வரி போதும். F நிரலில் வயிற்றுப்போக்கு, G நிரலில் ஓ.ஆர்.எஸ்.; ஆம் 1, இல்லை 2.

```
=COUNTIFS(F2:F401,1,G2:G401,"")
=COUNTIFS(F2:F401,2,G2:G401,1)
```

முதல் வரி 8 என்கிறது. இரண்டாவது வரி 6 என்கிறது: வயிற்றுப்போக்கே இல்லை, ஆனால் ஓ.ஆர்.எஸ். கொடுத்தோம் என்று பதிவான ஆறு குழந்தைகள். முரண்பட்ட பதில்கள் இவை.

இந்த நிலையிலேயே சதவீதம் போட உட்கார்ந்தால் என்ன ஆகும்? ‘கொடுத்தோம்’ என்ற பதில், முரண்பட்ட ஆறையும் சேர்த்து 33. அதை 60ஆல் வகுத்து 55 சதவீதம் என்பார் ஒருவர். 60 பேரில் இல்லாத ஆறு பேர் மேலே ஏறியிருப்பதை அவர் கவனிக்கவில்லை. ஆறையும் கழித்துவிட்டு 27ஐ 60ஆல் வகுத்தால் 45. தெளிவாகப் பதில் சொன்ன 48 பேரை மட்டும் கொண்டால் 56. ஒரே படிவக் கட்டு, மூன்று விடை. கணக்கு எதிலும் பிசகில்லை. யாரைக் கீழே வைப்பது, யாரை மேலே வைப்பது என்பதில்தான் வேறுபாடு.

எனவே முதலில் காகிதப் படிவத்தை எடுக்க வேண்டும். எட்டில் மூன்றுக்குக் காகிதத்தில் பதில் இருக்கிறது, தட்டச்சில் விட்டுப்போயிருக்கிறது: இரண்டு ஆம், ஒன்று இல்லை. மற்ற ஐந்தும் காகிதத்திலேயே காலி. ஐந்துமே ஒரே கணக்கெடுப்பாளர், ஒரே நாள். அவர் பக்கம் புரட்டும்போது இரண்டு தாள்கள் சேர்ந்து புரண்டிருக்கலாம், அல்லது தாண்டும் குறிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். காலிகள் ஊரெல்லாம் சிதறிக் கிடந்தால் கவனக்குறைவு. ஒரே ஆளிடம் குவிந்தால் அது பயிற்சிக் குறை. அவருடைய மற்றப் படிவங்களையும் புரட்டிப் பார்ப்பது அவசியம்.

அந்த ஐந்து வீடுகளுக்கும் மேற்பார்வையாளர் மறுபடி போகிறார். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ‘கடந்த இரண்டு வாரங்களில்’ என்று இப்போது கேட்டால் அது வேறு இரண்டு வாரம். முதல் நேர்காணல் நடந்த தேதியைச் சொல்லி, அதற்கு முந்தைய இரண்டு வாரம் என்று நினைவூட்டித்தான் கேட்க வேண்டும். நாள் ஓட ஓட நினைவும் மங்கும்; மாதக் கணக்கில் தாமதித்துப் போவதைவிட ‘விடுபட்டது’ என்று விட்டுவிடுவதே நேர்மை. நம் கணக்கில் மூன்று வீடுகளில் பதில் கிடைக்கிறது: ஒன்று ஆம், இரண்டு இல்லை. இரண்டு வீடுகள் பூட்டியிருக்கின்றன.

முரண்பட்ட ஆறு பதில்கள் இதைவிடச் சுவாரஸ்யமானவை. மூன்றுக்குக் காகிதத்தில் வயிற்றுப்போக்கு ‘ஆம்’. தட்டச்சில் 1க்குப் பதில் 2 விழுந்திருக்கிறது. திருத்திவிடலாம். மற்ற மூன்றும் காகிதத்திலும் அப்படியே இருக்கின்றன. ஒரு தாய் சொல்கிறார்: “அது பல்லு மொளைக்கிறப்போ போறதுங்க, சீக்கு இல்லைங்களே!” நாளைக்கு நான்கைந்து தடவை நீராகப் போயிருக்கிறது, ஓ.ஆர்.எஸ். கலக்கிக் கொடுத்திருக்கிறார். அவர் பார்வையில் அது நோயில்லை. ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ இளக்கமாகப் போனால் வயிற்றுப்போக்கு என்ற வரையறைப்படி அது ‘ஆம்’. இன்னொரு தாய் கொடுத்தது வாந்திக்காக. அங்கே ‘இல்லை’ சரியான பதில், ஓ.ஆர்.எஸ். கட்டம் ‘பொருந்தாது’ ஆகிறது. மூன்றாமவரைச் சந்திக்க முடியவில்லை. முதல் பதிலை அப்படியே வைத்து, இரண்டாவதற்கு ‘முரண்’ என்று குறியிடுகிறார்கள்.

ஒரே கட்டளை போட்டு ஆறையும் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ மாற்றியிருந்தால், எப்படியும் சிலருக்குப் பொய்ப் பதிலை எழுதியிருப்பார்கள். மேசையில் உட்கார்ந்தபடி காலியை நிரப்புவதும் அப்படித்தான். மூலக் கோப்பில் கை வைக்கவே கூடாது. நகலில் திருத்தி, படிவ எண், பழைய பதில், புதிய பதில், காரணம், திருத்தியவர், தேதி ஆகியவற்றைத் தனித் தாளில் எழுதி வைக்க வேண்டும்.

இப்போது வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகள் 64. ஓ.ஆர்.எஸ். கொடுத்தது 34, கொடுக்காதது 24, தெரியாது 4, விடுபட்டது 2. கடைசி ஆறு பேரை என்ன செய்வது? தேசிய குடும்ப நல ஆய்வைப் போன்ற ஆய்வுகளின் வழக்கம், அவர்களைக் கீழ் எண்ணில் வைத்துக்கொண்டு, கொடுக்காதவர்களோடு சேர்ப்பது. அதன்படி 34ஐ 64ஆல் வகுத்தால் 53.1. ஆறு பேருமே கொடுத்திருந்தாலும் 62.5ஐத் தாண்டாது. முதலில் 45இலிருந்து 65 வரை எங்கு வேண்டுமானாலும் இருந்திருக்கக்கூடிய விடை, ஒரு மேற்பார்வையாளரின் சில நாள் அலைச்சலில் பாதியாகச் சுருங்கிவிட்டது.

திட்ட அலுவலகத்துக்குப் போகும் அட்டவணையில் 53.1 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 64 என்ற எண்ணும் நிற்கிறது. அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: ‘தெரியாது 4, விடுபட்டது 2, இவர்கள் கொடுக்காதவர்களோடு சேர்க்கப்பட்டுள்ளனர். முரண்பட்ட ஒரு பதில் இக்கணக்கில் சேரவில்லை.’