ஜெர்மனி வேலைக்குக் கடன் வாங்கும் முன்: ஓசூர் 'ஆபரேட்டர்' அங்கே யார்?



பேரிகையிலிருந்து தினமும் ஓசூர் சிப்காட்டுக்குப் போய் சி.என்.சி. மெஷின் ஓட்டுறீங்க. போனில் ஒரு விளம்பரம் வருது: 'ஜெர்மனிக்கு சி.என்.சி. ஆபரேட்டர் தேவை.' நம்ம வேலைதானேன்னு நகையை அடகு வைக்கக் கிளம்பிடாதீங்க. முதல்ல விளம்பரத்தோட ஜெர்மன் மூலத்தைக் கேட்டு வாங்குங்க.

அதில் Zerspanungsmechaniker என்று இருந்தால், அது மூன்றரை வருடத் தொழிற்பயிற்சி முடித்துத் தேர்வு எழுதினவரோட பெயர். டிராயிங் படிச்சு, புரோகிராம் எழுதி, டூல் செட் பண்ணி, முதல் பீஸை அளந்து பார்க்கிறது வரை எல்லாம் அவரே செய்வார். நம்ம பக்கம் இதையே செட்டர், புரோகிராமர், குவாலிட்டி என்று பிரிச்சிருப்பாங்க. ஆபரேட்டர் பெரும்பாலும் பீஸை மாட்டி, சைக்கிள் ஸ்டார்ட் அழுத்தி, கேஜ் வெச்சு செக் பண்றவர். இதுக்கு நெருக்கமான ஜெர்மன் பெயர் Maschinenbediener. அந்த மாதிரி வேலைக்குத் திறன் தொழிலாளர் விசா பொதுவா கிடைக்காது.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட மெஷினிஸ்ட் டிரேடு முடிச்ச ஒருத்தர், இரண்டு வருடம் ஆபரேட்டர், அப்புறம் நாலு வருடம் செட்டிங் வேலை பார்த்திருக்கார். ஆனா கம்பெனி சர்டிஃபிகேட்டில் 'ஆபரேட்டர், 6 வருடம்' என்று ஒரே வரி. அவர் விண்ணப்பம் போகிற இடம் நியூரம்பெர்க்கில் உள்ள ஐ.எச்.கே. ஃபோசா. அவங்க ஐ.டி.ஐ. பாடத்தை ஜெர்மன் பயிற்சியோடு ஒப்பிடுவாங்க. குறையிற பகுதியை வேலை அனுபவத்தால் ஈடுகட்டலாம், ஆனா அதுக்கு எழுத்தில் ஆதாரம் வேணும். அந்த ஒரு வரியில் செட்டிங் எங்கேயும் இல்லை. அதனால் முழு அங்கீகாரத்துக்குப் பதிலா பகுதி அங்கீகாரம் வரலாம், நிராகரிக்கவும் செய்யலாம்.

மொழிபெயர்ப்பாளர் காகிதத்தில் இல்லாததைச் சேர்க்க முடியாது. அதனால் மூலத்தையே சரி பண்ணணும். எந்த மெஷின், எந்த கன்ட்ரோலர், புரோகிராம் எழுதினீங்களா, திருத்தினீங்களா, எந்த அளவுக்கருவி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று ஹெச்.ஆர்.கிட்ட விவரமா எழுதி வாங்குங்க. செய்த வேலை மட்டும் இருக்கட்டும்.

பெயரை ஏத்திப் போடுறதும் ஆபத்து. இங்கே டிப்ளமோ முடிச்சவரும் 'ஜூனியர் இன்ஜினியர்'தான். ஜெர்மனியில் Ingenieur என்பது சட்டப் பாதுகாப்புள்ள பட்டம். டிப்ளமோவுக்கு அதைப் போட்டால் உங்க பயோடேட்டா மேலேயே சந்தேகம் வரும்.

இப்போ காசு விஷயம். அங்கீகாரத்துக்கு இங்கிருந்தே, வேலை கிடைக்கும் முன்னாடியே விண்ணப்பிக்கலாம். கட்டணமும் மொழிபெயர்ப்புச் செலவும் சில நூறு யூரோ வரும். முதலில் அதைக் கட்டி முடிவை வாங்குங்க. முழு அங்கீகாரமா, பகுதியா என்று தெரிஞ்ச பிறகுதான், எவ்வளவு சம்பளம், எவ்வளவு கடன் தாங்கும் என்ற கணக்கே போட முடியும்.