பாதிக் கட்டடத்தைப் புயல் தாக்கினால், முதல் கடிதத்தில் என்ன எழுதுவது?

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியதில் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ. மழை பதிவானது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் வெள்ளமாகப் பாய்ந்தது. குடியிருக்கும் வீட்டில் தண்ணீர் புகுந்தால் என்னென்ன போயிற்று என்பதை வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். பாதி கட்டி நிற்கும் கட்டடத்தின் கதை வேறு. அது ஒவ்வொரு நாளும் மாறிக்கொண்டே இருக்கும். புயலுக்கு முந்தின நாள் அங்கே என்ன நின்றது என்பதையே நிரூபிக்க வேண்டியிருக்கும். காப்பீட்டுத் தொகை கிடைப்பதும் குறைவதும் பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான் தீர்மானமாகிறது.

கட்டுமானத்தில் உள்ள பணிகளுக்கு எடுக்கும் காப்பீட்டுக்கு ‘கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்ஸ்’ என்று பெயர், சுருக்கமாக சி.ஏ.ஆர். பாலிசி. பாலிசியில் விலக்கப்பட்டவை தவிர, திடீரென்று நேரும் எந்தச் சேதத்துக்கும் இது பொருந்தும். புயலும் வெள்ளமும் இதில் அடங்கும். இந்தப் பாலிசிகளில் வழக்கமாக உள்ள ஒரு நிபந்தனையைப் பலரும் படிப்பதில்லை. சேதம் நேர்ந்தால் உடனே தொலைபேசியிலும் எழுத்திலும் அறிவிக்க வேண்டும். 14 நாட்களுக்குள் அறிவிப்பு வந்து சேராத சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்பது அது. உண்மையான இழப்பைத் தாமதத்தை மட்டுமே காரணம் காட்டி இயந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-ல் நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அதை நம்பிக் காலம் கடத்துவது வீண் வழக்குக்கு வழி தேடிக்கொள்வதாகும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். விழுப்புரம் பக்கம் ஒரு திருமண மண்டபம் எழும்பிக்கொண்டிருக்கிறது. ஒப்பந்த மதிப்பு 4 கோடி ரூபாய். முதல் தளத்துக்கு சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, திங்கட்கிழமை கான்கிரீட் போட நாள் குறித்திருக்கிறார்கள். சனிக்கிழமை இரவு புயல். ஞாயிறு காலை வந்து பார்த்த மேஸ்திரியின் கை முதலில் மண்வெட்டியைத்தான் தேடும். சகதியை அள்ளு, விழுந்ததை ஒதுக்கு, செங்கல்லைப் பொறுக்கி அடுக்கு. நல்ல வேலைக்காரரின் இயல்பு அது. ஆனால் சர்வேயர் வருவதற்குள் இடம் சுத்தமாகிவிட்டால், சேதத்துக்கான சாட்சியும் குப்பையோடு போய்விடும்.

ஆகவே முதலில் படம் எடுக்க வேண்டும். தூரத்திலிருந்து முழு இடமும் தெரிகிற மாதிரி ஒன்று, அளவுகோலை வைத்துக் கிட்டத்தில் ஒன்று, தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பதைச் சுவரில் கோடு போட்டு இன்னொன்று. பிறகு நிறுவனத்தின் கிளெய்ம் எண்ணுக்குத் தொலைபேசி, அதே நாளில் மின்னஞ்சல். அந்த மின்னஞ்சல் இப்படி இருக்கலாம்:

“பாலிசியின் கீழ் புயல் சேதம் குறித்த அறிவிப்பு. 30.11.2024 இரவு முதல் 1.12.2024 காலை வரை வீசிய காற்றிலும் பெய்த மழையிலும் எங்கள் பணியிடத்தில் சேதம் ஏற்பட்டுள்ளது. 1.12.2024 காலை 7 மணிக்கு எங்கள் மேஸ்திரி முதலில் பார்த்தார்.

புயலுக்கு முன் பணியின் நிலை: முதல் தள ஸ்லாபுக்கு சென்ட்ரிங் முடிந்து கம்பி கட்டப்பட்டிருந்தது; கான்கிரீட் போடவில்லை. முகப்பின் 4 தூண்களுக்கு 29.11.2024 பிற்பகல் கான்கிரீட் போடப்பட்டது. உணவுக்கூடத்துக்கு 6 அஸ்திவாரக் குழிகள் தோண்டி, அவற்றில் 4-ல் கம்பி வலை வைக்கப்பட்டிருந்தது. சுற்றுச்சுவர் 60 மீட்டர் எழுப்பப்பட்டுப் பூச்சு வேலை பாக்கி இருந்தது.

சேதம்: ஸ்லாபின் கிழக்கு ஓரத்தில் முட்டுகள் மண்ணில் இறங்கி, சென்ட்ரிங்கும் கம்பியும் சரிந்துள்ளன. சுற்றுச்சுவரில் 22 மீட்டர் விழுந்துவிட்டது. 6 குழிகளிலும் ஓரம் இடிந்து சேறு நிரம்பியுள்ளது. கொட்டகையில் பலகை மேல் அடுக்கியிருந்த சிமெண்டில் கீழ் அடுக்குகளின் 70 மூட்டைகள் நனைந்தன. புதிதாக வார்த்த 4 தூண்களின் மேற்பரப்பில் சிமெண்ட் கரைந்து மணல் தெரிகிறது. உள்ளே பாதிப்பு உண்டா என்பது சோதனைக்குப் பின்பே தெரியும்.

சேதம் பெருகாமல் இருக்கச் செய்வன: சரிந்த பகுதியைச் சுற்றித் தடுப்புக் கட்டியிருக்கிறோம். நிற்கும் பகுதிக்குக் கூடுதல் முட்டு கொடுக்கிறோம். நனையாத சிமெண்டை வேறிடத்துக்கு மாற்றுகிறோம். குழிகளிலிருந்து நீரைப் படிப்படியாக இறைக்கப்போகிறோம். விழுந்த சுவரையும் நனைந்த மூட்டைகளையும் உங்கள் பார்வைக்காக அப்படியே வைத்திருக்கிறோம். உத்தேச இழப்பு 8 லட்சம் ரூபாய். அளந்த பின் இது மாறலாம். சர்வேயரை உடனே அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.”

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, பலரும் விட்டுவிடும் இரண்டாவது பத்திதான். கம்பி கட்டியிருந்தது என்று எழுதினால் அதற்கு ஆதாரம் கேட்பார்கள். கடைசி ரன்னிங் பில், அளவுப் புத்தகம், கம்பி வந்த லாரியின் சலான், வெள்ளிக்கிழமை மாலை சைட் எஞ்சினியர் உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம், இவை எல்லாம் அப்போது பேசும். தேதி பதிந்த அந்த ஒரு படத்துக்குப் பத்துப் பக்க விளக்கத்தைவிட மதிப்பு அதிகம்.

தூண்களைப் பற்றிய வரியும் காரணத்தோடு எழுதப்பட்டதுதான். வார்த்து ஒரு நாளே கடந்த, இன்னும் முழுதாக இறுகாத கான்கிரீட் பெருமழையில் நனைந்தால் மேல்தோல் மட்டும் போயிருக்கலாம், உள்ளேயும் பலம் குறைந்திருக்கலாம். கான்கிரீட்டின் பலத்தை 28 நாள் கணக்கில்தான் மதிப்பிடுவார்கள். அதுவரை காத்திருந்து எழுதினால் 14 நாள் கெடு முடிந்துவிடும். சந்தேகத்தைச் சந்தேகம் என்றே முதல் கடிதத்தில் பதிந்துவைத்தால் பின்னால் வரும் சோதனை முடிவு அதனோடு சேர்ந்துகொள்ளும். மாறாக, கட்டி வைத்த கம்பியில் மழைக்குப் பின் லேசாகத் துரு படர்ந்ததைச் சேதம் என்று எழுதக் கூடாது. அது எந்தக் கட்டுமானத்திலும் நடப்பது. அதைச் சேர்த்தால் மற்ற வரிகளின் நம்பகமும் குறையும்.

சென்ட்ரிங் ஏன் சரிந்தது என்று கடிதம் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். முட்டுகள் மண்ணில் இறங்கின என்பது கண்ணால் கண்டது. காற்றுதான் காரணம் என்பதும் முட்டுக்கு அடியில் பலகை வைக்காததுதான் காரணம் என்பதும் ஊகங்கள். குறையான வேலையைத் திருத்தும் செலவு விலக்குப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அந்த விலக்கு குறையுள்ள பகுதியோடு நின்றுவிடும்; அதனால் பாதிக்கப்பட்ட, ஒழுங்காகச் செய்த மற்ற வேலைக்கு அது பொதுவாக நீளாது. இதைப் பிரித்துப் பார்ப்பது சர்வேயரின் வேலை. முதல் நாள் பதற்றத்தில் நாமே தீர்ப்பு எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.

இனி சேதம் பெருகாமல் தடுப்பது. தன்னால் இயன்ற எல்லாவற்றையும் செய்து இழப்பைக் குறைப்பது காப்பீடு எடுத்தவரின் கடமை என்று பாலிசி சொல்கிறது. பாதிக்கப்பட்டவற்றைப் பார்வைக்கு வைத்திருக்க வேண்டும் என்றும் அதே பாலிசி சொல்கிறது. இரண்டும் முரண்படுவதுபோல் தோன்றினாலும், படம் எடுத்துத் தகவல் சொல்லிவிட்டுச் செய்தால் முரண்பாடு இல்லை. சரிந்த சென்ட்ரிங் யார் தலையிலாவது விழும் நிலையில் இருந்தால், சர்வேயருக்காகக் காத்திருக்காமல் இறக்கிவிட வேண்டும். உயிருக்கு மேல் எந்தச் சாட்சியும் இல்லை. சிறு சேதங்களை அறிவித்தபின் தாமே சரிசெய்துகொள்ளலாம். பெரியவற்றுக்கு நிறுவனத்தின் ஆள் வந்து பார்க்க வாய்ப்புத் தர வேண்டும். நியாயமான காலத்துக்குள் அவர் வரவில்லையென்றால் வேலையைத் தொடர உரிமை உண்டு.

குழியில் நின்ற தண்ணீரை இறைப்பதிலேயே எத்தனையோ பேர் சேதத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள். ஊறிய மண்சுவரை உள்ளே நிற்கும் தண்ணீரும் ஓரளவு தாங்கிப் பிடித்திருக்கும். பெரிய மோட்டார் வைத்து ஒரே மூச்சில் இறைத்தால் அந்தத் தாங்கல் போய்ச் சுவர் உள்ளே சரியும். பக்கத்தில் ஏற்கெனவே நிற்கும் தூணின் அடிமண்ணும் கலகலக்கும். ஓரத்துக்கு மூங்கிலோ பலகையோ அண்டக்கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறைக்க வேண்டும். பிறகு அடியில் நெகிழ்ந்த சேற்று மண்ணை வெட்டி எடுத்துவிட்டுத்தான் மறுபடி தளக் கான்கிரீட் போட முடியும். மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது, டீசல் எவ்வளவு, கூலியாட்கள் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் தினமும் எழுதி வைக்க வேண்டும். செலவு முழுவதும் திரும்பி வரும் என்று எண்ண வேண்டாம். தற்காலிகப் பழுதுவேலை, இறுதிப் பழுதுவேலையின் ஒரு பகுதியாகவும் மொத்தச் செலவைக் கூட்டாமலும் இருந்தால்தான் வழக்கமாக ஏற்பார்கள். இடிபாடு அகற்றுவதற்கும் வாடகை சென்ட்ரிங் சாமான்களுக்கும் பாலிசியில் தனியாகத் தொகை குறித்திருந்தால்தான் பணம். வேலை தாமதமானதற்கான அபராதம் இதில் வராது.

கடைசியில் கைக்கு வரும் தொகை எப்படிக் குறைகிறது என்பதையும் பார்த்துவிடலாம். 4 கோடி ரூபாய் வேலைக்கு, இதுவரை கட்டியது அவ்வளவுதானே என்று 3 கோடிக்கு மட்டும் பாலிசி எடுத்திருந்தார்கள் என்று வையுங்கள். காப்பீட்டுத் தொகை என்பது வேலை முடியும்போது உள்ள முழு மதிப்பு. முக்கால் பங்குக்கே காப்பீடு இருப்பதால் 8 லட்சம் இழப்பில் 6 லட்சம்தான் கணக்கில் வரும். எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு சம்பவத்திலும் நாமே ஏற்க வேண்டிய தொகை, 1 லட்சம் என்றால் மிஞ்சுவது 5 லட்சம். இயற்கைச் சீற்றங்களுக்கு இந்த எக்ஸஸ் மற்ற சேதங்களைவிட அதிகமாகவே இருக்கும். சனிக்கிழமை இரவு காற்றில் சுவர் விழுந்து, திங்கட்கிழமை வெள்ளத்தில் குழிகள் மறுபடி மூழ்கினால் இரண்டு முறை எக்ஸஸ் பிடிப்பார்களா? 72 மணி நேரத்துக்குள் நேரும் புயல், வெள்ளச் சேதங்களை ஒரே சம்பவமாகக் கொள்ளும் பிரிவு பாலிசியில் இருந்தால் ஒரு முறைதான். அதனால்தான் சேதம் எப்போது தொடங்கியது என்று கடிதத்தில் குறிக்க வேண்டியிருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். கட்டிக்கொண்டிருப்பவர்கள் அதற்கு முன்பே பாலிசியை எடுத்துக் காப்பீட்டுத் தொகை, எக்ஸஸ், 72 மணி நேரப் பிரிவு மூன்றையும் பாருங்கள். கிளெய்ம் எண்ணை சைட் ஆபீஸ் சுவரில் எழுதி வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்று மாலையே, வேலை நிற்கும் நிலையை நாலு மூலையிலிருந்தும் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.