75 மில்லிவோல்ட்டுக்குள் 5 ஆம்பியர்

இயங்கு சுருள் மீட்டர் ஒன்றின் முள் கடைசிக் கோட்டைத் தொட 1 மில்லிஆம்பியர் போதும். அதை வைத்துப் பேட்டரி சார்ஜரின் 5 ஆம்பியரை அளக்க வேண்டுமென்றால், மின்னோட்டத்தில் ஏறக்குறைய முழுவதையும் வேறு வழியில் திருப்பிவிட வேண்டும். மீட்டருக்குப் பக்க இணைப்பாக நிற்கும் ஷண்ட் என்னும் மிகச் சிறிய மின்தடை செய்வது அதைத்தான்.

கணக்கு ஒரு நிமிட வேலை. மீட்டரின் தடை 75 ஓம் என்றால், முழு விலக்கத்தில் அதன் முனைகளுக்கிடையே 75 மில்லிவோல்ட் இருக்கும். ஷண்ட்டின் முனைகளிலும் அதே அழுத்தம்தான். அதன் வழியே போக வேண்டியது 4.999 ஆம்பியர். வகுத்தால் கிடைப்பது சுமார் 0.015 ஓம், அதாவது 15 மில்லிஓம். அங்கே வெப்பமாகும் திறன் 0.375 வாட், பயப்பட ஒன்றுமில்லை.

எதில் செய்வது? செம்பு ஆகாது, ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் அதன் தடை ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடிவிடும். செம்பு, மாங்கனீசு, நிக்கல் கலந்த மாங்கனின் சூட்டில் அநேகமாக மாறுவதில்லை. 5 மில்லிமீட்டர் அகலமும் அரை மில்லிமீட்டர் தடிமனும் உள்ள மாங்கனின் பட்டையில் எட்டரை சென்டிமீட்டர் நீளம் வெட்டினால் 15 மில்லிஓம் கிடைக்கும்.

ஆனால் மீட்டரின் சுருளே செம்புதானே! ஷண்ட் நிலையாக நிற்க, சுருளின் தடை மட்டும் ஏறினால், 10 டிகிரி சூட்டுக்கு முள் 4 சதவீதம் குறைத்துக் காட்டும். அதனால் 25 ஓம் சுருளோடு 50 ஓம் மாங்கனினைத் தொடராகச் சேர்த்து மொத்தத்தை 75 ஆக்குவார்கள். பிழை மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

பலர் சறுக்குவது இதற்கெல்லாம் பிறகு, கம்பியை மாட்டும் இடத்தில். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி வெறும் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கே 1.7 மில்லிஓம் வரும். 5 ஆம்பியர் ஓடும் அந்தத் துண்டு மீட்டரின் இரு இணைப்புகளுக்கு நடுவே வந்துவிட்டால், ஷண்ட்டின் தடை 11 சதவீதம் கூடியதற்குச் சமம். மீட்டரும் அவ்வளவு மிகைத்துக் காட்டும். தளர்ந்த திருகும் இதே வேலையைச் செய்யும். அதே கம்பித் துண்டு மீட்டருக்குப் போகும் வழியில் இருந்தாலோ, 75 ஓமுக்கு முன் அது ஒரு பொருட்டே அல்ல. ஆகவே நல்ல ஷண்ட்டில் நான்கு முனைகள்: வெளியே இரண்டு பெரிய திருகுகள் சார்ஜர் மின்னோட்டத்துக்கு, உள்ளே இரண்டு சிறியவை மீட்டருக்கு. எட்டரை சென்டிமீட்டரை அளக்க வேண்டியதும் உள் முனைகளுக்கு இடையில்தான்.

வெட்டும்போது சற்றுக் குட்டையாகவே வெட்டுவது கெட்டிக்காரத்தனம். நம்பகமான அம்மீட்டர் ஒன்றைத் தொடராக வைத்துப் பார்த்தால் நம் முள் கொஞ்சம் குறைவாகக் காட்டும். பட்டையின் ஓரத்தை அரத்தால் மெல்ல ராவினால் தடை ஏறும், முள்ளும் ஏறும். சூடு ஆறவிட்டே ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். கூடுதலாக ராவிவிட்டால் மீட்பது கடினம்.

மின்னோட்டம் ஓடும்போது ஷண்ட்டை மட்டும் கழற்றவே கூடாது. மிச்சமிருக்கும் ஒரே பாதை சுருள்தான் என்பதால், தாங்கக்கூடியதைவிடப் பல மடங்கு மின்னோட்டம் அதில் பாய்ந்து மெல்லிய கம்பி கருகும்.