பில்லில் ‘எல்.டி.’ பிடித்துவிட்டார்களா? பதில் எழுதும் முன் பார்க்க வேண்டியவை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, காக்களூர் தொழிற்பேட்டையிலோ சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட் நடத்துகிறீர்கள். பெரிய கம்பெனிக்குச் சரக்கு கொடுத்தாச்சு. கணக்கில் பணமும் வந்துவிட்டது. ஆனால், பில் தொகையைவிடக் குறைவு! மெயிலில் வந்த பேமென்ட் அட்வைஸைத் திறந்தால், ‘எல்.டி. பிடித்தம்’ என்று ஒரு வரி.

எல்.டி. என்பது தாமதமாகச் சரக்கு கொடுத்ததற்காக ஒப்பந்தத்தில் முன்கூட்டியே பேசி வைத்த நஷ்ட ஈடு. ‘நாமதான் லேட் பண்ணிட்டோமே, என்ன கேட்க முடியும்?’ என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். தாமதம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால், அதற்காகப் பிடித்த தொகை சரியா என்பது வேறு கேள்வி.

முதலில் பி.ஓ.வை எடுங்கள்

போனில் பேசுவதற்கு முன்பு பர்சேஸ் ஆர்டரையும், அதன் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளையும் படியுங்கள். எல்.டி. பிரிவில் மூன்று விஷயங்களைத் தேட வேண்டும்.

ஒன்று, எந்தத் தொகைமீது சதவீதம் போட வேண்டும்? மொத்த ஆர்டர் மதிப்பின் மீதா, தாமதமான சரக்கின் மதிப்பின் மீது மட்டுமா? ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா?

இரண்டு, வாரத்தை எப்படி எண்ண வேண்டும்? ‘ஒவ்வொரு முழு வாரத்துக்கும்’ என்று இருந்தால், 23 நாள் தாமதம் என்பது 3 வாரம். ‘வாரம் அல்லது அதன் பகுதிக்கும்’ என்று இருந்தால், அதே 23 நாள் 4 வாரம் ஆகிவிடும்.

மூன்று, உச்ச வரம்பு எவ்வளவு? 5 அல்லது 10 சதவீதம் என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். பிடித்தம் அதைத் தாண்டக் கூடாது.

இதோடு, ‘டெலிவரி’ என்று எதைச் சொல்கிறார்கள் என்றும் பாருங்கள். வாங்குபவரின் ஸ்டோரில் ஒப்படைப்பதுதான் டெலிவரி என்றால், கேட்டில் முத்திரை குத்திய நாள்தான் கணக்கு. அவர்கள் ஒரு வாரம் கழித்து ஜி.ஆர்.என். போட்டால் அந்த ஒரு வாரத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

இது புரிவதற்கான உதாரணம். 200 இரும்பு ஃபிரேம்களுக்கு ஆர்டர். ஒன்று ₹4,000 வீதம் ₹8,00,000. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து ₹9,44,000. கெடு ஜூன் 10. நிபந்தனை: தாமதமான சரக்கின் அடிப்படை மதிப்பில், ஒவ்வொரு முழு வாரத்துக்கும் 0.5 சதவீதம், அதிகபட்சம் 5 சதவீதம்.

120 ஃபிரேம்கள் ஜூன் 8 அன்றே போய்விட்டன. மீதி 80 ஜூலை 3 அன்று கேட்டுக்குள் போனது. அதற்கு ஜி.ஆர்.என். போட்டது ஜூலை 10.

வாங்குபவர் போட்ட கணக்கு: ஜூலை 10 வரை 30 நாள், அதை 5 வாரமாக்கி, ₹9,44,000-க்கு 2.5 சதவீதம், அதாவது ₹23,600. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ₹4,248. ஆக மொத்தம் ₹27,848.

இப்போது நிபந்தனைப்படி போடுவோம். தாமதமானது 80 ஃபிரேம்தான், அடிப்படை மதிப்பு ₹3,20,000. கேட் முத்திரைப்படி தாமதம் 23 நாள், அதாவது 3 முழு வாரம். 1.5 சதவீதம் போட்டால் ₹4,800 மட்டுமே.

இன்னும் இருக்கு. துளை அளவை மாற்றச் சொல்லி மே 20 அன்று மெயில் அனுப்பிய வாங்குபவர், புதிய டிராயிங்கை மே 29 அன்றுதான் ஓகே செய்தார். அதுவரை வேலை நின்றது. அவர் பக்கத்துத் தாமதமான அந்த 9 நாளைக் கழித்தால் மீதி 14 நாள், 2 வாரம். எல்.டி. ₹3,200. ₹27,848 எங்கே, ₹3,200 எங்கே!

எல்.டி.மீது ஜி.எஸ்.டி. பிடித்ததும் தவறு. ஒப்பந்தத்தை மீறியதற்கான நஷ்ட ஈடு எந்தச் சேவைக்குமான விலை அல்ல. அதனால் அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 3.8.2022 தேதியிட்ட சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

சரக்கை வாங்கும்போது என்ன சொன்னார்கள்?

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 55-வது பிரிவு பலருக்கும் தெரியாத ஒன்று. கெடு மிக முக்கியம் என்று எழுதிய ஒப்பந்தத்தில், கெடு தாண்டி வந்த சரக்கை வாங்குபவர் ஏற்றுக்கொண்டால், ‘தாமதத்துக்கு நஷ்ட ஈடு கேட்பேன்’ என்று ஏற்கும் நேரத்திலேயே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் வாங்கிவிட்டுப் பிறகு கேட்க முடியாது.

ஓ.என்.ஜி.சி. - சா பைப்ஸ் வழக்கு இதற்கு நல்ல பாடம். 1996-இல் ஐரோப்பாவில் இரும்பு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்ததால் மூலப்பொருள் வரவில்லை. குழாய் சப்ளை தாமதமானது. சா பைப்ஸ் கூடுதல் அவகாசம் கேட்டது. ஓ.என்.ஜி.சி. அவகாசம் கொடுத்தது, ஆனால் எல்.டி. பிடிப்போம் என்றும் அப்போதே எழுதிவிட்டது. 2003-இல் உச்ச நீதிமன்றம் ஓ.என்.ஜி.சி.க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. முன்கூட்டியே நியாயமாக மதிப்பிட்ட தொகை என்றால், உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்று ஒவ்வொரு முறையும் நிரூபிக்கத் தேவையில்லை என்றும் சொன்னது.

ஆகவே, ‘உங்களுக்கு நஷ்டமே இல்லையே’ என்ற வாதத்தை மட்டும் நம்பிப் பதில் எழுதாதீர்கள். அவகாசம் கொடுத்த மெயிலில் எல்.டி. பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் 55-வது பிரிவைக் குறிப்பிடலாம். அப்போதும் கணக்கில் உள்ள பிழைதான் உங்கள் முதல் வாதமாக இருக்கட்டும்.

பதிலை இப்படி எழுதலாம்

போனில் பேசினாலும் பதில் மெயிலில் போக வேண்டும். ஒரு பக்கம் போதும்:

“பி.ஓ. எண் … தொடர்பாக நீங்கள் பிடித்த ₹27,848-ஐ நாங்கள் ஏற்கவில்லை. எல்.டி. பிரிவின்படி தாமதமான 80 ஃபிரேம்களின் அடிப்படை மதிப்பு மட்டுமே கணக்கில் வரும். கேட் முத்திரைத் தேதி ஜூலை 3. டிராயிங் ஒப்புதலுக்காக வேலை நின்ற 9 நாள் எங்கள் பொறுப்பல்ல. எங்கள் கணக்குப்படி எல்.டி. ₹3,200. மீதி ₹24,648-ஐ 15 நாளுக்குள் விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறோம். இதுவரை வந்த தொகையை, மீதியைக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொண்டுள்ளோம்.”

பி.ஓ., முத்திரை குத்திய டெலிவரி சலான், டிராயிங் மெயில்கள் ஆகியவற்றை இணையுங்கள். வாட்ஸ்அப்பில் பேசியது இருந்தால் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சாட்டையும் அழிக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: ‘பிடித்த தொகைக்கு கிரெடிட் நோட் கொடுங்க’, ‘பாக்கி எதுவும் இல்லைன்னு கையெழுத்து போடுங்க’ என்று கேட்டால் அவசரப்பட வேண்டாம். பிடித்தத்தை நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

பதிலே வரவில்லை என்றால்?

உதயம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனமாக இருந்தால், எம்.எஸ்.எம்.இ. வளர்ச்சிச் சட்டம், 2006 உங்களுக்குக் கைகொடுக்கும். எழுத்தில் என்ன ஒப்பந்தம் இருந்தாலும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குமேல் பணம் தள்ளிப் போகக் கூடாது. போனால், ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். வசதியாக்க மன்றத்தில் ஆன்லைனிலேயே மனு போடலாம். ஆர்டர் வாங்கும் முன்பே உதயம் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மனுவில் உதவி வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம்.

அங்கே முதலில் சமரசப் பேச்சுதான் நடக்கும். பி.ஓ.வும், முத்திரை குத்திய சலானும், நீங்கள் அனுப்பிய அந்த ஒரு பக்க மெயிலும் கையில் இருந்தால், பேச்சு ₹27,848-இலிருந்து அல்ல, ₹3,200-இலிருந்து தொடங்கும்.