காரின் கூரையில் யாருக்கு வண்ண விளக்கு?

முன்னால் சிவப்பு கூடாது. பின்னால் சிவப்பைத் தவிர வேறு நிறம் கூடாது. வாகன விளக்குகளைப் பற்றி மத்திய மோட்டார் வாகன விதிகளின் 108ஆவது விதி சொல்லும் அடிப்படை இதுதான். இருட்டில் எதிரே தெரியும் வண்டி வருகிறதா, போகிறதா என்று ஓட்டுநர் நிறத்தை வைத்தே கணிக்கிறார். ரிவர்ஸ் எடுக்கும்போது எரியும் வெள்ளை விளக்கு, நம்பர் பிளேட்டுக்கான விளக்கு, திரும்பும் திசையைக் காட்டும் இண்டிகேட்டர் போன்றவை விதிவிலக்குகள்.

கூரையில் சுழலும் சிவப்பு விளக்கும் அப்படியொரு விதிவிலக்காகத்தான் நுழைந்தது. உயர் பதவியில் இருப்போர் பணிக்காகச் செல்லும்போது பயன்படுத்தலாம் என்று விதியில் இடம் இருந்தது. அதிலும் ஃபிளாஷர் உள்ளது ஒருவருக்கு, இல்லாதது இன்னொருவருக்கு என்று பதவிக்கேற்ற தரவரிசை வேறு! யார் யாருக்கு என்பதை மத்திய, மாநில அரசுகள் அறிவிக்கலாம் என்பதால் பட்டியல் நீண்டுகொண்டே போனது. 2013 டிசம்பரில் அபய் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது. அரசியல் சாசனப் பதவிகளில் உயர்ந்த நிலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே சிவப்பு விளக்கு என்றது. 2017 மே 1 முதல் அந்தச் சலுகையும் போயிற்று. குடியரசுத் தலைவர், பிரதமர் உட்பட யார் காரிலும் பதவிக்காக விளக்கு கிடையாது.

சிவப்பு, நீலம், வெள்ளை மூன்றும் கலந்து மின்னும் விளக்கு இன்று பணிக்கு உரியது, பதவிக்கு உரியதல்ல. தீயணைப்பு வண்டி, சட்டம் ஒழுங்குப் பணியில் உள்ள காவல்துறை, ராணுவ, துணை ராணுவ வாகனங்கள், வெள்ளம், புயல் போன்ற பேரிடர்களைக் கையாளும் வாகனங்கள் ஆகியவற்றுக்கு அது உண்டு. குறிப்பிட்ட பணியில் இல்லாதபோது அவையும் அதை எரியவிடக் கூடாது. தீயணைப்பு வண்டி பெட்ரோல் போடப் போகும்போது விளக்கைச் சுழலவிட்டால் அதுவும் விதிமீறல்தான்.

நோயாளியை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸுக்கு விதி தனியாகச் சொல்வது, ஊதாக் கண்ணாடிக்குள் விட்டுவிட்டு எரியும் சிவப்பு விளக்கு. (விதியின் எண்ணும் ஆம்புலன்ஸை அழைக்கும் எண்ணும் 108 என்பது தற்செயல்.)

அம்பர் எனப்படும் ஆரஞ்சு மஞ்சள் விளக்கைக் கூரையில் வைக்க, விமான நிலையம், துறைமுகம் போன்ற வளாகத்துக்குள்ளேயே ஓடும் வாகனங்களுக்கு விதி இடம் தருகிறது. விமானத்தை நிறுத்துமிடத்துக்கு வழிகாட்டி முன்னே ஓடும் ஜீப் அப்படிப்பட்டது. ஆனால், அதே விளக்கோடு பொதுச் சாலைக்கு வர அந்தச் சலுகை உதவாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை விடவில்லை. 2024இல் புணேயில் பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் பயன்படுத்திய தனியார் ஆடி காரின் மேல் சிவப்பு நீல விளக்கு இருந்தது செய்தியானது. காரைப் போக்குவரத்துக் காவல்துறை பறிமுதல் செய்தது.

உரிமையுள்ள விளக்கு பின்னால் மின்னினால் ஓரம் ஒதுங்குங்கள். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்றவற்றுக்கு வழிவிடாதவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.