‘நூப்’ என்று திட்டுபவருக்கு என்ன பதில்?

‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ ஆட்டத்தில் அணிக்கு ஐந்து பேர். பெரும்பாலும் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். நால்வர் மூன்று பாதைகளைக் காக்க, ஐந்தாமவர் இடையிலுள்ள காட்டில் வேட்டையாடித் திரிந்து, தேவைப்படும் பாதைக்கு ஓடி உதவுவார். அவர்தான் ஜங்கிளர். எந்தப் பாதையில் யார் செத்தாலும் பழி அவர் தலையில்தான் விழும்.

மேல் பாதையில் இருப்பவர் இரண்டாம் முறை சாகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நொடி சாட்டில் வந்து விழுகிறது: `noob jg, report`.

ஜங்கிளருக்குச் சுருக்கென்றிருக்கும். ‘ரெண்டு தடவை செத்தது நீ, திட்டு எனக்கா?’ என்று தட்டத் தோன்றும். தட்டினால் முதல் நஷ்டம் உடனே தெரியும். இந்த ஆட்டத்தில் Q, W, E, R விசைகள்தான் பாத்திரத்தின் ஆயுதங்கள். சாட் பெட்டி திறந்திருக்கும்வரை அவை எதையும் ஏவுவதில்லை, வெறும் எழுத்துகளாகிவிடும். திட்டுக்குத் திட்டு எழுதி முடிப்பதற்குள் எதிரி வந்து நின்றால் கை கட்டப்பட்ட நிலைதான்.

திட்டியவர் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். இந்த ஆட்டத்தை உருவாக்கிய ரயட் கேம்ஸ், ஆட்டக்காரர்களின் நடத்தையை ஆராயத் தனிக் குழு அமைத்தது. தொடர்ந்து வம்பு செய்பவர்களே காரணம் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, மோசமான நடத்தையில் ஏறக்குறைய 13 சதவீதம்தான் அவர்களுடையது என்று அந்தக் குழு கண்டது. மீதி 87 சதவீதம், மற்ற நாட்களில் ஒழுங்காக ஆடுபவர்கள் ஏதோ ஒரு கெட்ட நாளில் கொட்டியது. அதாவது, வசை எழுதியவர் அநேகமாகத் தோற்றுக்கொண்டிருக்கும் எரிச்சலில் இருக்கும் ஒரு சாதாரண ஆள். அவரைத் திருப்ப முடியும் என்று நம்ப இடமிருக்கிறது.

எப்படி? ஒரு பதிலைப் பாருங்கள்: ‘ஆமா, லேட்டாயிடுச்சு. அடுத்து மேலேதான் வர்றேன். அவனை நம்ம டவர் பக்கம் இழுத்து வெச்சிரு.’

இந்த மூன்று வாக்கியங்களில் நிறைய நடக்கிறது. முதலாவது, உண்மையான அளவுக்கு மட்டும் ஒப்புக்கொள்கிறது: வந்தது தாமதம்தான், ஆனால் ‘நான் நூப்’ என்று அது சொல்லவில்லை. இரண்டாவது, பேச்சை முடிந்துபோன சாவிலிருந்து அடுத்த அரை நிமிடத்துக்கு நகர்த்துகிறது. மூன்றாவதுதான் முக்கியம். எதிரி தன் டவரை விட்டுத் தூரமாக வந்தால்தான் காட்டிலிருந்து பாய்பவருக்கு வேட்டை கிடைக்கும். அதற்கு மேல் பாதைக்காரர் ஒத்துழைக்க வேண்டும். திட்டிக்கொண்டிருந்தவர் கையில் இப்போது ஒரு வேலை இருக்கிறது. அவர் அதைச் செய்யாவிட்டாலும் நஷ்டமில்லை. மற்ற மூவரும் அதே சாட்டைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். சண்டையைக் கண்டால் மனம் விட்டுப்போய்ச் சரண்டர் ஓட்டுப் போடுபவர்கள், திட்டத்தைக் கண்டால் ஆடுவார்கள்.

அமைதியான சொல் எல்லாமே அமைதிப்படுத்துவதில்லை. ‘கூலா இரு’, ‘இது வெறும் கேம்தானே’ என்பவை எரிகிறவர் காதில் ஏளனமாகத்தான் விழும். கார்கள் பந்தாடும் ‘ராக்கெட் லீக்’ இதற்கு நல்ல சான்று. அதில் பாராட்டுக்காகவே ஒரு பொத்தானில் வைக்கப்பட்ட `What a save!` என்ற வரியை, கோலைத் தவறவிட்டவரைக் குத்திக் காட்டவே பலர் அனுப்புகிறார்கள். எனவே வசையின் சூட்டில் வெறும் பாராட்டோ சிரிப்புக் குறியோ அனுப்புவது ஆபத்து. தவறைக் குறிப்பிட்டுப் பேசும் பதிலை ஏளனமாக வாசிப்பது கடினம்.

‘ஓவர்வாட்ச்’ ஆட்டத்தில் நிறுவனமே இந்த வேலையைச் செய்து பார்த்தது. ஜெயித்தவர் தோற்றவரை இளக்காரம் செய்து `gg ez` என்று தட்டினால், அந்த வரி மறைந்து, தூங்கும் நேரம் தாண்டிவிட்டது, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்பது போன்ற குழந்தைத்தனமான வரிகள் அவர் பெயரிலேயே தோன்றும். 2016இல் வந்த இந்த மாற்றம் குத்தலின் முனையை மழுக்கியது. ஆனால் எழுதியவருடன் யாரும் பேசவில்லை என்பதால், அதை ஜங்கிளரின் பதிலுக்கு ஈடாகச் சொல்ல முடியாது.

ஒரு பதிலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்குப் பிறகும் வசை நீண்டால் பேச்சு எடுபடவில்லை என்று அர்த்தம்; `/mute all` என்று தட்டிவிட்டு ஆடலாம்.

மிரட்டல், இனத்தையோ பாலினத்தையோ இழிவுபடுத்தும் பேச்சு என்றால் அந்த ஒரு பதிலும் தேவையில்லை. ‘ஹேலோ 3’ ஆட்டங்களை ஆராய்ந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், பெண் குரலைக் கேட்டதும் கடுமை காட்டியவர்கள் பெரும்பாலும் திறமை குறைந்த ஆண் ஆட்டக்காரர்கள் என்று தெரியவந்தது. அந்தக் கோபத்துக்கு எதிரில் இருப்பவரின் ஆட்டம் காரணமே அல்ல. ஒப்புக்கொள்ள அங்கே எந்தத் தவறும் இல்லை. உடனே ம்யூட் செய்து, ஆட்டம் முடிந்ததும் வரும் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே புகார் கொடுக்க வேண்டும். அப்போது தன் பக்கம் வசை இல்லாமல் இருப்பதும் உதவும்: ‘அவர்தான் முதலில் ஆரம்பித்தார்’ என்பது திருப்பித் திட்டியவரைத் தண்டனையிலிருந்து காப்பாற்றாது.